ஜப்பானிய மொழிக்கு ஒரு பேச்சுத்துணை



இந்த அரங்கில் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு எழுதியவர்கள் பலர் இருப்பீர்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் தேர்வு அது. என்-5 தொடங்கி என்-1 வரை ஐந்து படிகள். எழுத்து கேட்கிறார்கள், சொல் கேட்கிறார்கள், இலக்கணம் கேட்கிறார்கள், படித்துப் புரிந்துகொள்ளச் சொல்கிறார்கள், ஒலிப்பதிவைக் கேட்டு விடை குறிக்கச் சொல்கிறார்கள். பேசச் சொல்கிறார்களா? இல்லை. ஐந்து படிகளில் ஒன்றில்கூடப் பேச்சுத் தேர்வு கிடையாது. வாயைத் திறக்காமலே என்-1 வரை ஒருவர் போய்விடலாம்.

அப்படிப் போனவர் ஶ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் பொறியாளராக வேலைக்குச் சேர்கிறார். பக்கத்து நாற்காலியில் ஜப்பானியர் ஒருவர். சான்றிதழ் கையில் இருக்கிறது, பேச்சு வரவில்லை. ஏன் வரவில்லை? பேசிப் பழகவில்லை. ஏன் பழகவில்லை? பேச ஆள் இல்லை.

அந்த ஆளை எங்கே தேடுவது, கிடைத்தபின் அவரோடு இருக்கும் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது? இந்த இரண்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் உனக்கு என் மொழியைத் தருகிறேன், நீ எனக்கு உன் மொழியைத் தா என்னும் இந்த ஏற்பாடு புதிதல்ல. 1963-இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து ஓர் இளைஞர் அலுவலகத்தைத் தொடங்கின. போரிட்ட இரண்டு நாடுகளின் பிள்ளைகள் சந்தித்துப் பழக வேண்டும் என்பது நோக்கம். அந்தச் சந்திப்புகளில் ஒரு பிரெஞ்சு இளைஞரையும் ஒரு ஜெர்மன் இளைஞரையும் இணையாக உட்கார வைத்தார்கள். ஒருவர் மொழியை மற்றவர் கற்றார். இதற்கு டேண்டம் முறை என்று பெயர் வந்தது. பிறகு 1990-களில் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமர்ட்ஸ் என்பவர் இதை மின்னஞ்சல் வழியாக நாடு கடந்து நடத்திக் காட்டினார். அவரும் அவரோடு இருந்தவர்களும் இரண்டு விதிகளை வலியுறுத்தினார்கள். முதல் விதி: இருவரும் சம அளவு கொடுக்க வேண்டும், சம அளவு பெற வேண்டும். இரண்டாம் விதி: என் கற்றலுக்கு நானே பொறுப்பு.

முதல் விதியை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம். துணையாக வருபவர் ஆசிரியர் அல்லர். அவர் பாடம் தயாரித்துக்கொண்டு வரமாட்டார். வரவும் வேண்டியதில்லை. என் அரை மணி நேரத்தில் என்ன பேசுவது, எதைத் திருத்துவது என்று சொல்ல வேண்டியவன் நான். இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டாம் விதியிலிருந்துதான் வருகின்றன.

சரி, யார் தேடலாம்? இன்றுதான் ஹிரகானா எழுதத் தொடங்கியவர் தேட வேண்டாம். சென்னையில் பலர் படிக்கும் ‘மின்னா நோ நிஹோங்கோ’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியில் 25 பாடங்கள், இரண்டாம் தொகுதியில் 25 பாடங்கள். முதல் 25-ஐயாவது முடித்துவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? மூன்றாவது நிமிடத்தில் சொல் தீர்ந்துவிடும். இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவீர்கள். தாவிய பிறகு திரும்பி வருவது கடினம்.

எங்கே தேடுவது? இங்கே ஓர் உண்மையை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஹலோடாக், டேண்டம் போன்ற செயலிகளில் ஜப்பானியர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தேடுவது ஆங்கிலத்தை. தமிழ் வேண்டும் என்று கேட்பவர் மிகக் குறைவு. நீங்கள் தமிழை மட்டும் தருவதாக எழுதினால் வாரக்கணக்கில் பதிலே வராது. ஆங்கிலத்தைத் தருவதென்றால் தாராளமாகத் தரலாம், ஆனால் அது உங்கள் தாய்மொழி இல்லை, வேலையில் தினமும் பேசும் மொழி என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். தெரிந்து வருபவர்தான் நிலைத்து நிற்பார்.

தமிழைக் கேட்கும் ஜப்பானியர் இல்லவே இல்லையா? இருக்கிறார்கள். இரண்டு இடங்களில் இருக்கிறார்கள். ஒன்று, ஜப்பானில். 1998-இல் ‘முத்து’ படம் அங்கே வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் படம் பார்த்து, பாட்டுக் கேட்டு, அந்த வரிகளின் பொருள் புரிய வேண்டும் என்று தமிழைத் தொட்டவர்கள் அங்கே உண்டு. மற்றொன்று, நம் சென்னையிலேயே. சில ஆண்டு வேலைக்காக வந்து குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். ஆனால் காய்கறிக் கடையில்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம்? அங்கே அவர்களுக்குத் தமிழ் வேண்டும். ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற ஜப்பானிய மொழி மையங்களில் விசாரியுங்கள், உங்கள் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், ஜப்பானிய நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பரிடம் சொல்லி வையுங்கள். செயலியில் நூறு பேருக்குச் செய்தி அனுப்புவதைவிட, தெரிந்தவர் ஒருவர் அறிமுகப்படுத்துவது ஜப்பானியர்களிடம் நன்றாகவே எடுபடும்.

முதல் செய்தியில் என்ன எழுதுவது? “வணக்கம், எனக்கு ஜப்பானிய மொழி கற்றுத் தருவீர்களா?” என்று எழுதினால் பதில் வராது. ஏன்? அது இலவச ஆசிரியரைக் கேட்பதுபோல் இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: “நான் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்-4 தேறியிருக்கிறேன். படிக்க வரும், பேச வராது. வேலையில் நடந்ததை ஜப்பானிய மொழியில் சொல்லப் பழக வேண்டும். உங்களுக்குப் பேச்சுத் தமிழில் அதே அளவு நேரம் தருகிறேன். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், முதலில் மூன்று வாரம் மட்டும் செய்து பார்க்கலாமா?” நிலை சொல்லியாயிற்று, தேவை சொல்லியாயிற்று, கொடுப்பது சொல்லியாயிற்று, நேரமும் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த மூன்று வாரம். ஜப்பானியர்கள் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார்கள். நாமும் தயங்குவோம். மூன்று வாரம் என்று வரையறை இருந்தால், நான்காம் வாரம் யாரும் யாரையும் நோகடிக்காமல் விலகலாம்.

இங்கே பெண்களுக்கு ஒரு வார்த்தை, ஆண்களுக்கும் அதே வார்த்தை. மொழியைச் சாக்காக வைத்து வேறு எதையோ தேடுபவர்கள் இந்தச் செயலிகளில் இருக்கிறார்கள். முதல் சில உரையாடல்கள் செயலிக்குள்ளேயே நடக்கட்டும். தொலைபேசி எண் பிறகு தரலாம். நேரில் சந்திப்பதென்றால் நாலு பேர் வந்து போகும் காபிக் கடை, பகல் நேரம். படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நழுவி, தனிப்பட்ட கேள்விகளுக்கே திரும்பத் திரும்ப வருபவரை இரண்டாவது முறையே விட்டுவிடுங்கள்.

துணை கிடைத்துவிட்டார். இனி அந்த ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஆங்கிலம். மற்றொன்று, நீங்கள் ஆச்சரியப்படக்கூடும், மரியாதை.

ஆங்கிலத்தைக் கடிகாரத்தால் வெல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் நலம் விசாரிக்க. பிறகு 25 நிமிடம் ஜப்பானிய மொழி மட்டும். அடுத்த 25 நிமிடம் தமிழ் மட்டும். கடைசி ஐந்து நிமிடம் அடுத்த வாரத் திட்டம். கைப்பேசியில் மணி வைத்துவிடுங்கள். அடித்ததும் மொழி மாற வேண்டும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. எந்த மொழி முதலில் என்பதை வாரந்தோறும் மாற்றுங்கள், இரண்டாவதாக வரும் மொழிக்கு எப்போதும் களைத்த மனம்தான் மிஞ்சும். சொல் தெரியாமல் நின்றால்? “நிஹோங்கோ தே நன் தோ ஈமாஸ் கா?”, ஜப்பானிய மொழியில் இதை எப்படிச் சொல்வது என்று அந்த மொழியிலேயே கேளுங்கள். கையால் காட்டுங்கள், படம் வரையுங்கள்.

மரியாதை எப்படி எதிரியாகும்? நீங்கள் இரண்டு வாக்கியம் பேசியதும் ஜப்பானியர் “நிஹோங்கோ ஜோஸு தெஸ் நே” என்பார். ஜப்பானிய மொழி அருமையாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டு. மனம் குளிர்ந்துவிடும். ஆனால் பேசியதில் மூன்று தவறு இருந்தது, ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. சில சமயம் சொல்லியும் இருப்பார், ஆனால் உங்கள் தவறான வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருப்பார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா என்னும் இருவர் கனடாவில் பிரெஞ்சு கற்கும் சிறுவர்களின் வகுப்புகளை ஆராய்ந்து 1997-இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்திய திருத்தம் இப்படி நாசூக்காகத் திருப்பிச் சொல்வதுதான். மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்துப் பதில் காட்டியதும் அதற்குத்தான். வகுப்பறையிலேயே இந்த நிலை என்றால், காபிக் கடையில் எப்படி இருக்கும்?

ஆகவே திருத்தத்தை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது? “தவறு இருந்தால் சொல்லுங்கள்” என்றால் போதாது. “நான் நான்கு நிமிடம் பேசுகிறேன். குறுக்கே பேச வேண்டாம். உங்களுக்குப் புரியாமல் போன இடம், அல்லது உங்களை நெருட வைத்த இடம், மூன்றை மட்டும் காகிதத்தில் குறித்து வையுங்கள்” என்று சொல்லுங்கள். மூன்றுதான். பத்தைக் குறித்தால் பத்தும் மறந்துபோகும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போமா? நான் சொன்ன அந்தப் பொறியாளரையே எடுத்துக்கொள்வோம். அவர் முந்தைய நாள் வீட்டிலேயே ஒரு தலைப்பை முடிவு செய்கிறார்: நேற்றுத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனது, மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார், நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஐந்தாறு சொற்களைத் தேடி வைத்துக்கொள்கிறார். முழு வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்யவில்லை. செய்தால் அது ஒப்பித்தல் ஆகிவிடும்.

நான்கு நிமிடம் பேசுகிறார். துணை மூன்றைக் குறிக்கிறார்.

முதல் இடம். அவர் “கோஜோ நி” என்று தொடங்கினார். தொழிற்சாலையில் என்று பொருள் வர நினைத்தார். தமிழில் ‘வீட்டில் இருக்கிறேன்’ என்றாலும் ‘இல்’தான், ‘வீட்டில் சாப்பிட்டேன்’ என்றாலும் ‘இல்’தான். ஜப்பானியத்தில் அப்படி இல்லை. இருப்பதற்கு ‘நி’, ஒரு செயல் நடக்கும் இடத்துக்கு ‘தே’, நம் ‘தேவன்’ என்னும் சொல்லின் முதல் ஒலி. ‘உச்சி நி இமாஸ்’, வீட்டில் இருக்கிறேன். ‘உச்சி தே தபேமாஸ்’, வீட்டில் சாப்பிடுகிறேன். இயந்திரம் நின்றது ஒரு நிகழ்ச்சி, ஆகவே ‘கோஜோ தே’.

இரண்டாம் இடம். இயந்திரம் தானாக நின்றதா, இவர் நிறுத்தினாரா என்பது துணைக்கு விளங்கவில்லை. தானாக நின்றால் ‘தோமரிமாஷ்தா’, ஒருவர் நிறுத்தினால் ‘தோமெமாஷ்தா’. நமக்கும் நின்றது, நிறுத்தினேன் என்று இணை உண்டு, ஆகவே சொன்னதும் பிடிபட்டுவிடும். ஆனால் தொழிற்சாலை அறிக்கையில் இதை மாற்றிச் சொன்னால் பழி யார் தலையில் விழும் என்று நினைத்துப் பாருங்கள்!

மூன்றாம் இடம் நமக்கே உரிய தவறு. மேலதிகாரி கூப்பிட்டதும் நாம் என்ன சொல்வோம்? “இதோ வர்றேன் சார்.” அதை அப்படியே ‘கிமாஸ்’ என்று சொல்லிவிட்டார். ஜப்பானியர் காதுக்கு அது பொருந்தாது. கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் பேசுபவர் நகர்ந்தால் அவர்கள் ‘போகிறேன்’ என்றுதான் சொல்வார்கள்: ‘சுகு இக்கிமாஸ்’, உடனே போகிறேன். பாடப்புத்தகத்தில் வருதலும் போதலும் முதல் பாடங்களிலேயே இவருக்கு வந்திருக்கும். தேர்விலும் சரியாக எழுதியிருப்பார். பேசும்போது வாயில் தமிழ்தான் வந்தது. துணை ஒருவர் எதிரே இருந்தால் மட்டுமே இது வெளிப்படும்.

மூன்றையும் பார்த்தாயிற்று. இத்தோடு விட்டுவிடலாமா? விடக் கூடாது. பெரும்பாலானோர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நம் பொறியாளர் அதே கதையை மீண்டும் சொல்கிறார், இப்போது மூன்று நிமிடத்தில். பிறகு மறுபடியும் அதே கதை, இரண்டு நிமிடத்தில். நியூசிலாந்தில் பணியாற்றிய மொழி ஆய்வாளர் பால் நேஷன் இந்த நான்கு, மூன்று, இரண்டு பயிற்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் பேசச் சொல்வது. நமக்குத் துணை ஒருவரே, ஆகவே அவரிடமே சொல்லுவோம். கதை ஏற்கனவே தெரியும், சொல் தேட வேண்டியதில்லை. எனவே மனம் விடுபட்டு ‘கோஜோ தே’யையும் ‘இக்கிமாஸ்’ஸையும் கவனிக்கிறது. மூன்றாவது முறை தயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒலிப்பதிவைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். பதிவு செய்வதற்கு முன் துணையின் அனுமதி வாங்குங்கள்.

கணக்குப் பாருங்கள். போன வாரத்து மூன்று திருத்தங்களை வைத்துப் புது வாக்கியங்கள் சொல்ல மூன்று நிமிடம். கதைக்கு நான்கு. திருத்தத்துக்கு ஐந்து. மீண்டும் மூன்று, மீண்டும் இரண்டு. மிச்சம் எட்டு நிமிடம் இருக்கிறது. அது கட்டுப்பாடில்லாத பேச்சுக்கு. துணை கேள்வி கேட்கட்டும், சிரித்துப் பேசுங்கள், திருத்தம் வேண்டாம்.

அந்த ‘போன வாரத்து மூன்று’ இருக்கிறதே, அதை வைத்துத்தான் உங்கள் சந்திப்பு பயன்படுகிறதா என்று கண்டுபிடிக்க முடியும். ஒரு வாரம் கழித்து, குறிப்பேட்டைப் பார்க்காமல், சரியாக வருகிறதா? மூன்றில் இரண்டு வந்தால் நன்றாகப் போகிறது. வாராவாரம் ஒன்றுகூட வரவில்லை என்றால் தலைப்பு உங்கள் நிலைக்கு மேலே இருக்கிறது, எளிதாக்குங்கள்.

மணி அடித்துவிட்டது. இப்போது தமிழ் நேரம். இனி பொறுப்பு எதிரே இருப்பவருடையது, உழைப்பு நம்முடையது.

இங்கே நாம் செய்யும் பெரிய பிழை என்ன தெரியுமா? அந்நியர் ஒருவர் தமிழ் பேசத் தொடங்கியதும் நம் வாயில் மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லித் தருகிறோம். அதைக் கற்றுக்கொண்டு அவர் காய்கறிக் கடைக்குப் போனால், கடைக்காரர் ‘வந்துக்கிட்டு இருக்கு’ என்கிறார். அவருக்குப் புரிவதில்லை. அவர் கேட்டது கடைத் தமிழ் என்றால் கடைத் தமிழையே கொடுங்கள். நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள், கொஞ்சம் நிதானமாக. எழுத்துத் தமிழ் வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

திருத்தும்போது என்ன வரும்? ஜப்பானியத்தில் ரகர வரிசை ஒன்றுதான். லகரம், ளகரம், ழகரம், ரகரம், றகரம் எல்லாம் அவர் காதில் ஒன்றாகத்தான் விழும். ‘குழந்தை பள்ளிக்குப் போயிருக்கு’ என்பது ‘பல்லிக்குப் போயிருக்கு’ என்று வரும். சிரிக்காதீர்கள். ஒரு சந்திப்பில் ஓரிரு சொற்களுக்கு மேல் ஒலியைத் திருத்த வேண்டாம். இன்னொன்று, அவர் “நாம நேத்து மகாபலிபுரம் போனோம்” என்பார். நீங்கள் போகவே இல்லை! ஜப்பானியத்தில் நாம், நாங்கள் என்ற பிரிவு கிடையாது. அப்போது இலக்கணம் பேச வேண்டாம். “நான் உங்ககூட வரலையே, அப்ப ‘நாங்க போனோம்’னு சொல்லுங்க” என்றால் போதும். தாய்மொழியில் எது சரி என்று நமக்கு நன்றாகத் தெரியும், ஏன் சரி என்று பெரும்பாலும் தெரியாது. தெரியாத இடத்தில் விதியை உருவாக்கிச் சொல்லாதீர்கள். “நாங்க இப்படித்தான் சொல்வோம்” என்று இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுக் கொடுங்கள். ஏன் என்பதை அவர் புத்தகத்திலோ ஆசிரியரிடமோ பார்த்துக்கொள்வார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். காஞ்சி எழுத்துகளை இது கற்றுத் தராது. வாடிக்கையாளரிடமும் மேலதிகாரியிடமும் பேசும் உயர்மரியாதை மொழியை, கெய்கோவை, நண்பரோடு பேசிக் கற்க முடியாது, ஏனென்றால் நண்பர் உங்களிடம் அதைப் பேசமாட்டார். அதற்கு வகுப்பு வேண்டும், ஆசிரியர் வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். உங்கள் துணையின் பணிக்காலம் முடியும், குடும்பத்தோடு ஊர் திரும்புவார். பலர் அன்றே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் இரவு எட்டு மணி அவர்களுக்குப் பதினொன்றரை, தூங்கும் நேரம். சனிக்கிழமை காலை ஏழரைக்கு நீங்கள் அழைத்தால் அங்கே பதினொரு மணி, இருவருக்கும் வசதி. அவர் புறப்படும் முன்பே அந்த நேரத்தைப் பேசி முடித்துவிடுங்கள். போன பிறகு கேட்கலாம் என்று விட்டால், புது வீடு, புது வேலை என்று அவருக்கு மாதங்கள் ஓடிவிடும்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.